அரை டேங்க் தண்ணீர்

உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த மானாவாரி நிலத்தை விற்று, என் தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய பால் டேங்கர் லாரி வாங்கினார். பாலுக்காக அல்ல, தண்ணீர் விற்பதற்காக. மதுரையில் எங்கள் விளாங்குடிப் பக்கம் வெயில் காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளெல்லாம் காற்றுதான் தள்ளும். தண்ணீர் லாரிக்குத் தெருவே காத்துக் கிடக்கும். மற்ற லாரிகளெல்லாம் துருப்பிடித்த இரும்பு டேங்குகள். இவருடையதோ உள்ளும் புறமும் எவர்சில்வர்.

"பால் இருந்த டேங்கு மச்சான். குடிக்கவே குடுக்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த லாரி ஓடினால்தான் அவர் முதலாளி. ஓடாவிட்டால் ஐம்பது வயதில் இன்னொருவர் வண்டிக்கு டிரைவர். நிலம் திரும்பி வராது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பேசுவதில்லை.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். 'நடத்துகிறேன்' என்பது கொஞ்சம் பெரிய சொல். வகுப்பு அதுபாட்டுக்கு நடக்கிறது, நான் உடன் இருக்கிறேன். லாரி வாங்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தாலும் டேங்கை விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல சத்தம்" என்றிருப்பேன்.

முதல் புகார் ஓர் ஆட்டோக்காரருக்கு எதிரானது. திண்டுக்கல் ரோடு சிக்னலில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தியிருக்கிறார். நின்ற வண்டியைப் பின்னாலிருந்து யாரோ முட்டினார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால் பின்னால் ஒரு ஆட்டோ.

"ஏண்ணே, கண்ணு தெரியலையா? நிக்கிற வண்டில வந்து முட்டுற?"

"யாருண்ணே முட்டுனா? எனக்கும் உங்க வண்டிக்கும் நடுவுல ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம்."

"அப்பறம் எப்பிடி வண்டி முன்னுக்கு வந்துச்சு?"

"அத உங்க வண்டிகிட்ட கேளுங்க. என்னைய ஏன் கேக்குறீங்க? பச்சை விழுந்துருச்சு, ஏறுங்கண்ணே, ஊரே ஹாரன் அடிக்குது."

மாப்பிள்ளை ஏறினார். அடுத்த சிக்னலிலும் யாரோ முட்டினார்கள். அங்கே பின்னால் ஒரு வண்டியும் இல்லை. அன்று மாலையே என் தங்கை பாண்டி கோயிலுக்குப் போய், வண்டிக்கு எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் வாங்கிவந்து கட்டினாள். எலுமிச்சம்பழம் கட்டிய வண்டியையும் முட்டினார்கள்.

"அண்ணே, நீ ஒரு தரம் கூடப் போய்ப் பாரேன். படிச்சவன்தானே" என்றாள் தங்கை. அந்தத் 'தானே'யில் ஒரு சந்தேகம் இருந்தது.

போனேன். ஏறும்போது டேங்க் நிறைய இருந்தது. வண்டி நல்ல பிள்ளையாக நடந்தது. முதல் தெருவில் சின்டெக்ஸ் தொட்டிகளுக்கும் டிரம்களுக்கும் குழாய் போட்டுக் கொஞ்சம் இறக்கினோம். அடுத்த தெருவில் இன்னும் கொஞ்சம். எங்கள் பக்கம் ஒரு வீடு முழு லாரித் தண்ணீர் வாங்குவதில்லை. வைத்துக்கொள்ள இடமில்லை. ஒரு லாரி ஏழெட்டுத் தெரு சுற்றும். அரை டேங்க் ஆனபோது மெயின் ரோட்டுக்கு வந்தோம். முன்னால் போன டவுன் பஸ் நின்றது. மாப்பிள்ளை பிரேக் போட்டார். வண்டி நின்றது. அவர் காலைத் தளர்த்தினார். ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம் பின்னால் யாரோ பெரிய உடம்புக்காரர் முதுகால் தள்ளியதுபோல் வண்டி முன்னால் போனது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை, கிட்டத்தட்ட சந்தோஷமாக. தான் பொய் சொல்லவில்லை என்று ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம்.

எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் வருஷா வருஷம் சொல்லும் விஷயம். அதற்கு ஐந்து டன் எடை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"மாப்ள, டேங்குக்குள்ள தடுப்பு இருக்கா?"

"தடுப்பா? என்ன தடுப்பு?"

மேலே ஏறி மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழவழவென்று, ஒரு தடங்கலும் இல்லாமல், அழகாக இருந்தது. தண்ணீருக்கென்று செய்த லாரியில் குறுக்கே ஓட்டை போட்ட தகடுகள் வைத்திருப்பார்கள். பால் வண்டியில் பல இடங்களில் அது கிடையாது. மூலையும் மடிப்பும் இருந்தால் பால் ஒட்டிக்கொள்ளும், கழுவ முடியாது, கெட்டுப்போகும். பால் வண்டிக்குத் தடுப்பு தேவையும் குறைவு. ஒரே இடத்தில் விளிம்பு வரை நிரப்பி, ஒரே இடத்தில் சொட்டு விடாமல் இறக்கிவிடுவார்கள். நிறைந்த டேங்க் ஆடாது. வெறும் டேங்கில் ஆட ஒன்றுமில்லை. அரை டேங்க் என்ற நிலைமை அந்த வண்டியின் வாழ்க்கையில் வந்ததே இல்லை. நாங்கள்தான் அதைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் அரை டேங்க் ஆக்கினோம்.

மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவந்து, என் மனைவி போர்வை வைத்திருந்த நீளமான பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பகுதியை எழுத வேண்டியிருந்திருக்காது. அதில் பாதிக்குக் கீழே தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் தூக்கிச் சட்டென்று இறக்கினேன். தண்ணீர் ஒரு கோடியில் ஏறியது, இறங்கியது. அதே நேரத்தில் மறு கோடியில் ஏறியது. மறுபடி இங்கே.

"நடுவுல பாருங்க மாப்ள."

"நடுவுல சும்மாதான இருக்கு."

"அதான். ரெண்டு கோடியும் ஏறி எறங்குது, நடு மட்டம் அப்பிடியே நிக்குது. ஒரு அலை இந்தச் சுவர்ல போய் இடிச்சுத் திரும்புது, இன்னொண்ணு எதிர்ல வருது. ரெண்டும் சேந்து இப்பிடி நின்ன எடத்துலயே ஆடுது. ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலுக்கு ஒரு நேரம் இருக்குல்ல, அது மாதிரி இதுக்கும் ஒரு நேரம் உண்டு."

"எம்புட்டு நேரம்?"

இந்தக் கேள்வியைப் பதினைந்து வருஷத்தில் எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. கண் கலங்கிவிடும்போல இருந்தது. பேனாவை எடுத்தேன். ஆழத்தைப் புவியீர்ப்பால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். டேங்கின் நீளத்தைப் போக ஒருமுறை, வர ஒருமுறை என்று இரண்டால் பெருக்கி, அந்த வேகத்தால் வகுத்தால் நேரம். டேங்க் ஐந்து மீட்டர் நீளம். உருளை வட்டமாக இருப்பதால் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். அரை டேங்கில் நாலு விநாடிச் சொச்சம் வந்தது. நிறைய இருந்தால் வேகம் கூடி நேரம் குறையும். முக்கால் டேங்குக்கு மேலே மூன்று விநாடி அளவில் நிற்கும். கால் டேங்குக்கு ஐந்தைத் தாண்டும். தெருத் தெருவாக இறக்க இறக்க வண்டியின் ஊஞ்சல் மெதுவாகிக்கொண்டே போகும்.

"அப்ப ஒவ்வொரு தெருவுலயும் வண்டி வேற வண்டியா?"

"ஆமா."

"அதான் பழகவே மாட்டேங்குது" என்றார்.

அப்புறம் கோடு போடும் என் பழைய மர அடிக்குச்சியை எடுத்துப் பெட்டியின் நடுவில் குறுக்கே நிறுத்தினேன். ஆட்டம் சட்டென்று செத்தது. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். "நடுவுலதான் தண்ணி சும்மா இருக்குன்னீங்க. சும்மா இருக்க எடத்துல எதுக்குத் தடுப்பு?"

"மேலயும் கீழயும்தான் சும்மா. பக்கவாட்டுல அங்கதான் ஓட்டம் அதிகம். இங்கேருந்து அங்க போற தண்ணி பூராவும் நடுவத் தாண்டித்தானே போகணும்? கோடியில ஓட்டமே கெடையாது, ஏறி எறங்கிட்டு நிக்கும்."

அவர் குச்சியை ஒரு கோடிக்கு நகர்த்தி ஆட்டிப் பார்த்தார். அங்கே குச்சி இருந்தும் இல்லாததுபோல் தண்ணீர் ஆடியது. மறுபடி நடுவில் வைத்தார். செத்தது. அதையே பலமுறை செய்தார். என் மனைவி வாசலில் வந்து நின்று, ஈரப் போர்வையையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தடுப்பு வைக்க வண்டியைப் பட்டறையில் விட வேண்டும். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் விற்கிற நேரமே அதுதான். "சீசன் முடியட்டும் மச்சான்" என்றார். அதுவரை முழு டேங்கையும் ஒரே இடத்தில் இறக்கப் பார்க்கலாம் என்று இருவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அலைந்தோம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஏற்கெனவே ஒரு லாரிக்காரர் இருந்தார், அவருக்கு ஒரு மாமா குடியிருப்புச் சங்கத்தில் இருந்தார். ஒரு சங்கச் செயலாளர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"உங்க தண்ணி நல்ல தண்ணிதான். ஆனா எதுக்கு ஒரே எடத்துல எறக்கணும்னு அடம்பிடிக்கிறீங்க? வேற எங்கயும் போகப் பயமா?"

"ஆமாங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் குடியிருப்பும் போயிற்று.

மிச்சமிருந்தது என் அறிவுரை. பிரேக்கைத் தட்டித் தட்டிப் போடாதீர்கள். அலையின் தாளத்தில் தட்டினால் ஊஞ்சலைத் தள்ளியதுபோல் ஆட்டம் வளரும். நின்ற பிறகு காலை எடுக்காதீர்கள். அலை வந்து இடித்து, போய், மறுபடி வந்து இடித்து அடங்கட்டும். வெகு முன்னாலிருந்தே மெதுவாக நிறுத்துங்கள். எல்லாம் சரியான அறிவுரை. மதுரையில் ஒரு லாரி வெகு முன்னாலிருந்தே மெதுவாக நின்றால், அந்த இடைவெளியில் ஒரு மினி பஸ், இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு மாடு வந்து நிற்கும். வேகத்தடைகளோ ஊருக்குள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. மிச்ச சிமென்ட் இருக்கிறவர்களெல்லாம் வாசலுக்கு நேரே ஒன்று போட்டிருக்கிறார்கள். தட்டாமல் எப்படிப் போவது? என் அறிவுரை தண்ணீரைப் புரிந்துகொண்டிருந்தது. ஊரைப் புரிந்துகொள்ளவில்லை.

அது ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் நடந்தது. நான் உடன் இல்லை. அரை டேங்கோடு இறங்கியிருக்கிறார். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தப் பயந்து, விட்டு விட்டுப் பிடித்திருக்கிறார். விட்டுப் பிடித்த தாளம் தண்ணீரின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. கீழே சிக்னல் சிவப்பு. நிறுத்திவிட்டார். சரியாக நிறுத்தினார், கோட்டுக்குப் பின்னால். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி. பாலம் முழுக்க வளர்ந்த அலை அப்போதுதான் முன் சுவருக்கு வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்மணி ஜவுளி வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்தவர். காலில் மாவுக்கட்டு. கட்டிலைச் சுற்றி நின்ற உறவுகள் அவர்கள் மொழியில் எங்களைப் பற்றிப் பேசினார்கள். புரியவில்லை, மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. அந்த அம்மா மட்டும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் கண்ணாடியில பாத்தேன் தம்பி. உங்க வண்டி நின்னுச்சு. நின்னதப் பாத்துட்டுத்தான் முன்னாடி திரும்புனேன். நின்ன வண்டி எப்பிடி தம்பி முட்டும்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். போர்வைப் பெட்டி வரை வந்திருப்பேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "சார், வண்டி நின்னுருச்சு, அப்பறம் உள்ள இருந்த தண்ணி வந்து வண்டியத் தள்ளிருச்சு. இத நான் எழுதுனேன்னு வைங்க, என்னைய ராமநாதபுரத்துக்கு மாத்திருவாங்க. அங்க தண்ணியே கெடையாது." அஜாக்கிரதை என்று எழுதினார். அதுவும் ஒரு வகையில் சரிதான். யாருடையது என்று அதில் இல்லை.

சீசன் முடியவில்லை. ஆனாலும் போலீஸ் வண்டியை விட்ட மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேலூர் ரோட்டில், டேங்க் கட்டுகிற பட்டறை. முதலாளிக்குத் தன்னம்பிக்கை அதிகம். நான் வரைந்து எடுத்துப்போன படத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு தகடு, அடியில் தண்ணீர் மெதுவாகப் போய்வர ஓட்டைகள், ஆள் நுழைய ஒரு பெரிய ஓட்டை. ஒரு டேங்க் இரண்டு குட்டை டேங்க் ஆகும், நீளம் பாதியானால் நேரமும் கிட்டத்தட்டப் பாதி, ஒவ்வொன்றிலும் ஆடும் தண்ணீரும் பாதி.

"எவர்சில்வர் வெல்டிங் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"சார், லாரி உடைஞ்சாலும் என் வெல்டிங் உடையாது. எழுதி வேணா தாரேன்."

பொருத்திக் கொடுத்தார். அரை டேங்கோடு ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை சிக்னலில் நிறுத்தினார். காலைத் தளர்த்தினார். காத்திருந்தோம். பின்னால் டொக் என்று ஒரு சின்னச் சத்தம், வண்டி லேசாகத் தலையாட்டியது. அவ்வளவுதான். மாப்பிள்ளை ஸ்டியரிங்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பச்சை விழுந்தும் வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும்" என்றார். அந்த லாரியோடு எங்களுக்கு இருந்த நல்ல காலம் அதுதான். சில வாரங்கள் இருந்தது.

அப்புறம் வண்டி ஒழுகியது. ஒழுகிய இடம் பின்பக்க மட்கார்டுக்கு மேலே. அங்கே உள்ளே ஒரு வெல்டிங் தையலும் இல்லை. பால் டேங்க் இரட்டைச் சட்டை போட்டது. உள்ளே ஒரு மெல்லிய உருளை, வெளியே ஒரு உருளை, நடுவில் பால் சூடாகாமல் இருக்கத் தெர்மாகோல் மாதிரி ஒரு நுரை. உள்ளே எங்கோ ஓட்டை விழுந்து, தண்ணீர் நுரைக்குள் ஊறி, தனக்குப் பிடித்த இடத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது.

பட்டறைக்காரர் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "சார், நான் சொன்னது சொன்னதுதான். வெல்டிங் அப்பிடியே இருக்கு."

"அப்பறம் எங்க ஒழுகுது?"

"வெல்டிங்குக்குப் பக்கத்துல. தகடு கிழிஞ்சிருக்கு."

அவர் சொன்னது உண்மை. வெல்டிங் உடையவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் டன் கணக்கில் தண்ணீர் தடுப்பில் மோதியது. தடுப்பு அந்த மோதலைத் தன்னைப் பிடித்திருந்த மெல்லிய தகட்டிடம் கொடுத்தது. முன்பு அந்த அடியைத் தாங்கியது கோடியில் இருந்த பெரிய வளைந்த மூடி. அது அதற்கென்றே செய்யப்பட்டது. இப்போது சமோசா உறை மாதிரி இருந்த உடம்புத் தகடு தாங்க வேண்டியிருந்தது. அது முன்னும் பின்னும் வளைந்து வளைந்து, வெல்டிங்கின் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அலையைக் கணக்குப் போட எனக்குத் தெரியும். தகடு என் பாடத்திட்டத்தில் இல்லை. அது வேறு துறைக்காரர்கள் இரண்டாம் ஆண்டில் நடத்துவது.

கிழிசலைப் பற்றவைத்தார்கள். உள்ளே நுரை ஈரமாக இருந்ததால் புகைந்தது, நாறியது, பற்றும் சரியாக ஏறவில்லை. கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்தில் கிழிந்தது. கிழிசலுக்கு மேல் பட்டை வைத்தார்கள். பட்டையின் ஓரத்தில் கிழிந்தது. தண்ணீரில் ஒரு வாடை வந்தது. பால் இருந்த டேங்க் என்று குடிக்க வாங்கியவர்கள், "என்னண்ணே, பால் திரிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டு, துருப்பிடித்த டேங்குகளிடம் போனார்கள்.

ஒருநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தடுப்ப எடுத்துட்டா ஒழுகாதுல்ல மச்சான்?"

"புதுசாக் கிழியாது."

"தடுப்பு இல்லாட்டி பழையபடி தள்ளும்."

"தள்ளும்."

"ரெண்டுக்கும் நடுவுல எதுனாச்சும் இருக்கா?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். உள் உருளையைச் சுற்றித் தடித்த வளையம் போட்டு, அதில் தடுப்பைத் தாங்கவைக்கலாம். அதற்கு வெளிச் சட்டையைக் கிழிக்க வேண்டும், நுரையைத் தோண்ட வேண்டும். அதற்குப் புது டேங்கே கட்டிவிடலாம். புது டேங்க் கட்ட விற்பதற்கு இன்னொரு நிலம் வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சு அப்படித்தான் தலையாட்டும்.

"சரி மச்சான், வாரேன்" என்று எழுந்தார்.

லாரியைப் பிரித்து விற்றார்கள். டேங்கை எடைக்குப் போட்டார்கள். எவர்சில்வர் என்பதால் அங்கே அதற்கு மரியாதை இருந்தது. அறுத்தபோது நான் போகவில்லை. தங்கை போயிருந்தாள். "உள்ள எவ்வளவு பளபளன்னு இருந்துச்சு தெரியுமாண்ணே" என்றாள். அந்த அம்மாவுக்குக் கால் கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறாராம். மாப்பிள்ளை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவர்கள் வீட்டில் காபி கொடுக்கிறார்கள். அது அவரை இன்னும் வாட்டுகிறது.

இப்போது மேலூர்ப் பக்கம் ஒருவரிடம் டிரைவராக இருக்கிறார். கிரானைட் கல் ஏற்றுகிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். முடி நரைத்துவிட்டது, அல்லது கல்தூசு. கேட்கவில்லை. வேலை எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"கல்லு பரவால்ல மச்சான்" என்றார். "நான் நின்னா அதுவும் நிக்குது."

கல்லை எதை வைத்துக் கட்டுகிறார்கள், சங்கிலியா கயிறா, யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட்டை டீயில் தொட்டு, திறந்த வாயில் போட்டுக்கொண்டேன்.